வாட்ஸ்அப்பில் எல்லா புதிய சாட்டுக்கும் ஒரே டைமர்: ஒரு ஜெராக்ஸ் கடை போனை வைத்து முழு வழிகாட்டி

தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கும் எந்த ஜெராக்ஸ் கடையிலும் சுவரில் ஒரு வாட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும். "இதுக்கு அனுப்பிடுங்க, பிரிண்ட் எடுத்துத் தர்றேன்" என்பார் கடைக்காரர். ஆதார், பான் கார்டு, சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் என்று எல்லாம் அந்த போனுக்கு வரும். அனுப்புகிறவர் பிரிண்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவருடைய ஆதார் மட்டும் கடை போனிலேயே கிடக்கும், சில சமயம் வருஷக்கணக்கில்.

இந்த மாதிரி போனில் ஒவ்வொரு சாட்டாகத் திறந்து, குறித்த காலத்துக்குப் பிறகு செய்திகள் தானாக மறையும் Disappearing messages வசதியைப் போடுவது நடக்கிற காரியம் இல்லை. தினமும் புதுப்புது நம்பர், பெரும்பாலும் ஒரே ஒரு தடவை வந்து போகிற நம்பர். இதற்குத்தான் வாட்ஸ்அப்பில் Default message timer என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு தடவை போட்டுவிட்டால் அதற்குப் பிறகு தொடங்குகிற ஒவ்வொரு தனி சாட்டும் டைமரோடுதான் தொடங்கும். மறையும் செய்திகள் வாட்ஸ்அப்புக்கு 2020 நவம்பரில் வந்தன. அப்போது 7 நாள் என்ற ஒரே அளவுதான், அதையும் சாட் சாட்டாகத்தான் போட வேண்டும். 24 மணி நேரம், 90 நாள் என்ற அளவுகளும் எல்லா புதிய சாட்டுக்கும் சேர்த்துப் போடும் வசதியும் 2021 டிசம்பரில் வந்தன.

கீழே சொல்வதெல்லாம் ஜெராக்ஸ் கடை போனை மனதில் வைத்து எழுதியது. உங்கள் போன் வீட்டு போனாக இருந்தாலும் படிகள் அதேதான், தேர்ந்தெடுக்கும் அளவு மட்டும் மாறும்.

முதலில் எத்தனை நாள் என்று முடிவு செய்யுங்கள்

திரையில் நான்கு தேர்வுகள்தான் இருக்கும்: 24 hours, 7 days, 90 days, Off. கடைக்காரர் உடனே 24 மணி நேரத்தைத்தான் தொடப் பார்ப்பார். பிரிண்ட் கொடுத்தாயிற்று, இனி எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த டைமர் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பப்பட்ட நேரத்திலிருந்து கணக்கு தொடங்கிவிடும். நீங்கள் படித்தீர்களா, படிக்கவில்லையா என்பது கணக்கிலேயே கிடையாது. ஒருவர் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு மார்க் ஷீட்டை அனுப்பி, "திங்கட்கிழமை காலைல வந்து வாங்கிக்கிறேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு கடை லீவு, போன் கடையிலேயே கிடக்கிறது. திங்கள் காலை 9 மணிக்குத் திறக்கும்போது 37 மணி நேரம் ஆகியிருக்கும். டைமர் 24 மணி நேரமாக இருந்தால் செய்தி போயே போய்விட்டது. நோட்டிஃபிகேஷனில் அதன் ஒரு வரி தெரிந்தாலும் தெரியும். உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளரிடமிருந்தும் அதே செய்தி மறைந்திருக்கும் என்பதால், அவரும் மூல ஃபைலைத் தேடிப் பிடித்து மறுபடி அனுப்ப வேண்டும்.

அதனால் வாரம் ஒரு நாள் லீவு விடும் கடைக்கு 7 நாள்தான் சரி என்பது என் கருத்து. "அந்த பிரிண்ட் தொலைஞ்சு போச்சு, இன்னொன்னு போட்டுத் தாங்க" என்று இரண்டு நாள் கழித்து வருகிறவர்களுக்கும் அது போதும். பண்டிகைக்காக ஒரு வாரத்துக்கு மேல் கடையை மூடினால் மட்டும் கவனம். 90 நாள் என்பது கடைக்குத் தேவைக்கு மேல். வீட்டு போனுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

டைமரைப் போடும் படிகள்

1. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு Settings போங்கள். ஐபோனில் அது கீழே உள்ள பட்டையிலேயே இருக்கும்.

2. Privacy என்பதைத் தொடுங்கள். கடைசியாக வந்த நேரம், புரொஃபைல் படம் இவற்றை யார் பார்க்கலாம் என்கிற வரிகளைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போனால் Disappearing messages என்ற தலைப்பு வரும். அதன் கீழே Default message timer. பக்கத்தில் Off என்று இருந்தால் இப்போது டைமர் எதுவும் போட்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

3. உள்ளே போய் 7 days என்பதைத் தொடுங்கள். சேமிக்கத் தனியாகப் பட்டன் எதையும் தேட வேண்டாம், தொட்டதுமே பதிவாகிவிடும். பின்னால் வந்து, அந்த வரியில் இப்போது 7 days என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள்தான் தமிழில் இருக்கும், இடமும் வரிசையும் இதேதான். கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அங்கேயும் Settings, Privacy வழியாக இதே இடத்துக்குப் போகலாம்.

வேலை செய்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்

இதுவரை கடை நம்பரோடு சாட் செய்யாத ஒரு நம்பர் வேண்டும். பக்கத்துக் கடைக்காரரிடம், "அண்ணே, என் கடை நம்பருக்கு ஒரு ஹாய் போடுங்க" என்று கேட்டால் போதும். அவர் அனுப்பியதும் அந்த சாட்டைத் திறங்கள். செய்திக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: புதிய சாட்டுகளுக்கு டைமர் பயன்படுத்தப்படுகிறது, இதில் வரும் செய்திகள் 7 நாளில் மறையும் என்ற பொருளில். அவருடைய போனிலும் அது தெரியும். இப்படி இரண்டு பக்கமும் காட்டுவதால் ஒரு நன்மை உண்டு. "ஏன் என் மெசேஜை அழிக்கிறீங்க?" என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், எல்லாருக்கும் போட்டிருக்கும் ஏற்பாடு என்பது அந்த வரியிலேயே இருக்கிறது.

இங்கே கடைக்காரர் அனுப்பவில்லை, எதிராளிதான் முதலில் அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். சாட்டை யார் தொடங்கினாலும் வாட்ஸ்அப்பில் உங்கள் டைமர் அதில் ஏறிவிடும். ஜெராக்ஸ் கடைக்கு உயிர்நாடியே இதுதான், ஏனென்றால் கடைக்காரர் யாருக்கும் முதலில் அனுப்புவதில்லை.

அந்த வரி வரவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அது புதிய சாட் இல்லை. எப்போதோ போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியிருப்பார். தேடு பெட்டியில் அவர் நம்பரைப் போட்டுப் பாருங்கள், பழைய சாட் அடியில் கிடக்கும்.

பழைய சாட்டுகளை என்ன செய்வது?

டைமர் போட்டதும் ஏற்கெனவே இருக்கும் சாட்டுகள் எதுவும் மாறாது. ஒரு வகையில் நல்லதுதான். பேப்பர் சப்ளையர், டோனர் நிரப்புகிறவர், வீட்டுக்காரர் இவர்களின் சாட்டில் பில்லும் கணக்கும் இருக்கும். அவை அப்படியே இருக்கட்டும்.

ஆனால் திரும்பத் திரும்ப வருகிற வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். பத்திரம் எழுதுகிறவர், கல்லூரி அட்மிஷன் நேரத்தில் பத்துப் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சேர்த்து அனுப்பும் டியூஷன் வாத்தியார் மாதிரி. ஆபத்தான ஃபைல் அதிகம் கிடப்பது இவர்கள் சாட்டில்தான். இவர்களுக்கும் ஒவ்வொன்றாகப் போட வேண்டியதில்லை. Default message timer திரையிலேயே, தேர்வுகளுக்குக் கீழே, இந்த டைமரை ஏற்கெனவே உள்ள சாட்டுகளுக்கும் போடலாம் என்று சொல்லும் ஒரு வரி இருக்கும். அதில் நிறம் மாறித் தெரியும் பகுதியைத் தொட்டால் உங்கள் சாட் பட்டியல் வரும். வேண்டியவர்களை டிக் செய்து உறுதி செய்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏறிவிடும்.

கடையில் வேலை பார்க்கிற பையனின் சாட்டை இந்தப் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். கூட்டமாக இருக்கும்போது, "இதை அந்த சிஸ்டத்துல பிரிண்ட் போடுப்பா" என்று அவனுக்கு ஃபார்வர்ட் செய்கிற பழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. டைமர் உள்ள சாட்டிலிருந்து டைமர் இல்லாத சாட்டுக்கு ஃபார்வர்ட் செய்தால் அந்தப் பிரதி அங்கே மறையாது. வாடிக்கையாளரின் சாட் 7 நாளில் சுத்தமாகிவிடும், பையனுடைய சாட்டில் ஊர் ஆதார் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று: பழைய சாட்டுக்கு டைமர் போட்டாலும், அதற்கு முன்னால் வந்த செய்திகள் மறையாது. இனி வருபவை மட்டும்தான். ஏற்கெனவே குவிந்திருப்பதைக் கையால்தான் அழிக்க வேண்டும். அந்த சாட்டில் Clear chat கொடுப்பது சுலபம். வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

விதிவிலக்கு வேண்டியவர்களுக்கு

புதிதாக ஒருவர் 500 கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுக்கிறார். அட்வான்ஸ், வாசகம், திருத்தம் எல்லாம் சாட்டில்தான். வேலை முடிய மூன்று வாரம் ஆகும். 7 நாள் டைமர் இங்கே வம்பு: முதல் வாரத்தில் அனுப்பிய திருத்தம் மூன்றாவது வாரம் இருக்காது, "நான் அப்படிச் சொல்லலையே" என்று பேச்சு வரும். இப்படிப்பட்ட சாட்டில் மட்டும், மேலே அவருடைய பெயரைத் தொட்டு, Disappearing messages உள்ளே போய் 90 days அல்லது Off கொடுங்கள். பொதுவான டைமர் அப்படியே இருக்கும், இந்த ஒரு சாட் மட்டும் மாறும். ஆர்டர் பேச ஆரம்பித்த அன்றே இதைச் செய்ய வேண்டும். பிறகு மாற்றினால் ஏற்கெனவே வந்த செய்திகளுக்கு ஓடும் பழைய 7 நாள் கணக்கு நிற்காது.

ஒரே ஒரு செய்தியை மட்டும் காப்பாற்ற வேண்டுமென்றால், 2023 ஏப்ரலில் வந்த Keep இருக்கிறது. செய்தியை அழுத்திப் பிடித்தால் புக்மார்க் போன்ற அடையாளத்தோடு வரும். நீங்கள் வைத்துக்கொண்டது அனுப்பியவருக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்று மறுத்தால் அவர் முடிவுதான் செல்லும், நேரம் வந்ததும் செய்தி போய்விடும். ஆக, பணச் சம்பந்தமான ஆதாரத்துக்கு Keep-ஐ மட்டும் நம்பாதீர்கள். பணம் வந்ததற்கு சாட்டில் வந்த ஸ்கிரீன்ஷாட்டை விட உங்கள் யுபிஐ ஆப்பிலும் பேங்க் கணக்கிலும் இருக்கும் பதிவுதான் சாட்சி.

எதிராளியும் டைமரை மாற்ற முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். தனி சாட்டில் இருவருக்கும் சம உரிமை. அவர் Off செய்தால் சாட்டில் அதற்கும் ஒரு வரி வரும். அப்படிச் செய்பவர்கள் குறைவுதான். ஆனால் ஆதாரோ பாஸ்புக்கோ வந்திருக்கும் சாட்டில் அப்படி ஒரு வரியைப் பார்த்தால், வேலை முடிந்ததும் கையால் அழித்துவிடுங்கள்.

குரூப் விஷயம் சுருக்கமாக: மற்றவர்கள் தொடங்கி உங்களைச் சேர்க்கும் குரூப்புக்கு உங்கள் டைமர் பொருந்தாது. நீங்கள் புதிதாக ஒன்று தொடங்கினால், குரூப்புக்குப் பெயர் எழுதும் திரையிலேயே Disappearing messages என்ற வரி இருக்கும். அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சாட் மறைந்தாலும் ஃபைல் எங்கே மிச்சம் இருக்கும்?

என்னைக் கேட்டால் கடைக்காரர் அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இந்தப் பகுதியில்தான். டைமர் சாட்டில் இருப்பதை எடுத்துவிடும். சாட்டிலிருந்து வெளியே இறங்கிப் போன பிரதிகள் அதன் கைக்கு எட்டாது.

கடைக் கம்ப்யூட்டரில் Downloads ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் வெப்பில் இறக்கிய படங்கள் WhatsApp Image என்று தொடங்கி, தேதியும் நேரமும் பெயரிலேயே எழுதி, வரிசையாக நிற்கும். இடையிடையே EAadhaar_ என்று தொடங்கும் பிடிஎஃப்கள். சில வாடிக்கையாளர்கள் அதைத் திறக்கும் பாஸ்வேர்டையும் அதே சாட்டில் அனுப்பியிருப்பார்கள்; சாட் மறைந்தால் அதாவது போகும். ஆனால் ஃபைல் அங்கேயேதான் இருக்கும். டைமர் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் கடையில், கவுண்டரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் மானிட்டரிலேயே இத்தனையும் தெரியும்.

விண்டோஸில் இதற்கும் ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கிறது. Settings திறந்து System, அதற்குள் Storage, அதற்குள் Storage Sense போங்கள். அதை ஆன் செய்துவிட்டு உள்ளே பார்த்தால், Downloads ஃபோல்டரில் இத்தனை நாள் திறக்காத ஃபைல்களை அழி என்று ஒரு தேர்வு இருக்கும். முதலில் Never என்றுதான் இருக்கும். 1, 14, 30, 60 நாள் என்ற அளவுகளில் 14 நாள் கடைக்குச் சரிவரும். Recycle Bin-க்கும் அதே இடத்தில் தனித் தேர்வு உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். இதை ஆன் செய்வதற்கு முன், ஜிஎஸ்டி பில், பத்திரிகை டிசைன் என்று Downloads-இலேயே போட்டு வைத்திருக்கும் சொந்த ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் அவையும் சேர்ந்து போகும்.

போனில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பின் Settings உள்ளே Storage and data. அங்கே Media auto-download பகுதியில் படங்களும் டாக்குமென்ட்களும் தானாக இறங்காதபடி டிக்கை எடுத்துவிடுங்கள். வேண்டியதைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். இன்னொன்று, Settings உள்ளே Chats. ஆண்ட்ராய்டில் Media visibility என்பதை ஆஃப் செய்தால் புதிதாக இறங்கும் படங்கள் போனின் கேலரியில் வந்து நிற்காது. ஐபோனில் படங்களை ஃபோட்டோஸில் சேமிக்கும் தேர்வும் Chats உள்ளேதான் இருக்கும். கூகுள் ஃபோட்டோஸில் வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டருக்கு பேக்கப் ஆன் ஆகியிருந்தால் அதையும் நிறுத்துங்கள். போனில் அழிந்தது கூகுள் கணக்கில் இருந்துகொண்டே இருக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து, முதலில் சோதித்த அந்தப் பக்கத்துக் கடைக்காரரின் சாட்டைத் திறந்து பாருங்கள். ஹாய் போயிருக்க வேண்டும். கூடவே அன்று ஒரு படத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தால், அது கேலரியில் இருக்கிறதா, Downloads-இல் இருக்கிறதா என்று பார்த்து எந்த ஓட்டை அடைபடவில்லை என்று கண்டுபிடித்துவிடலாம்.

வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். செய்தி மறைவதற்கு முன் பேக்கப் ஓடியிருந்தால் அதில் அந்தச் செய்தி இருக்கும். அந்த பேக்கப்பை வேறு போனில் மீட்டெடுக்கும்போது காலம் கடந்த செய்திகள் நீக்கப்பட்டுவிடும். மேற்கோள் காட்டிப் பதில் அனுப்பிய இடத்தில் மட்டும், மேற்கோளாக வந்த வரி கொஞ்சம் கூடுதலாகத் தங்கக் கூடும். அதனால் ஆதார் நம்பர் எழுதிய செய்தியை மேற்கோள் காட்டிப் பதில் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

சிக்னலிலும் டெலிகிராமிலும்

சிக்னலில் இதே வசதி Settings உள்ளே Privacy பகுதியில் Disappearing messages தலைப்பின் கீழ் இருக்கிறது. அங்கே 30 விநாடியிலிருந்து 4 வாரம் வரை வைக்கலாம், நம் விருப்பத்துக்கு ஒரு அளவையும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு வித்தியாசங்கள் முக்கியம். பெறுகிறவர் பக்கத்தில், அவர் படித்த பிறகுதான் டைமர் ஓடும். அதனால் மேலே சொன்ன சனிக்கிழமைச் சிக்கல் அங்கே வராது. ஆனால் நீங்கள் தொடங்கும் சாட்டுக்குத்தான் அந்த டைமர் ஏறும். வாடிக்கையாளர் முதலில் அனுப்பினால் ஏறாது என்பதால், கடை நம்பருக்கு அது உதவாது.

டெலிகிராமில் Settings, Privacy and Security, அதற்குள் Auto-Delete Messages. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று தேர்வுகள் இருக்கும். அங்கேயும் நீங்கள் தொடங்கும் சாட்டுகளுக்குத்தான். பழைய சாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போடும் வசதி அந்தத் திரையிலேயே உண்டு.

நிறுத்த வேண்டுமென்றால்

கடையை வேறொருவருக்குக் கைமாற்றினாலோ, நம்பரை வீட்டு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாலோ Default message timer-க்கு மறுபடி போய் Off கொடுக்கலாம். அதற்குப் பிறகு தொடங்கும் சாட்டுகளுக்கு உங்கள் பக்கத்திலிருந்து டைமர் ஏறாது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் தொடங்கியவை எல்லாம் தங்கள் 7 நாளை அப்படியே வைத்திருக்கும். அவற்றில் யாருடைய பேச்சு நிலைத்து இருக்க வேண்டுமோ, அந்த சாட்டைத் திறந்து பெயரைத் தொட்டுத் தனியாகத்தான் Off செய்ய வேண்டும். சாட் பட்டியலில் படத்தின் ஓரமாகச் சின்ன டைமர் அடையாளம் தெரிகிறவர்கள்தான் அந்தக் கணக்கில் வருகிறவர்கள்.